பிரமாண்டம் என்று எழுதினால் பிரமாண்டம் வராது

ஏஐ பட மென்பொருளில் ஒரு மாயலோகக் கோட்டையை வரவழைக்க முதல்முறை உட்காருகிறவர்களில் பலரும் கிட்டத்தட்ட இந்த வரியைத்தான் தட்டுகிறார்கள்:

```
epic huge fantasy castle, massive, gigantic, highly detailed, 8k
```

வருகிற படங்களும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரர்கள். நட்டநடுவில் ஒரு கோட்டை, விளிம்புக்கு விளிம்பு அடைத்துக்கொண்டு நிற்கும். சுவரின் கற்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்னால் இருக்கும் மலையிலும் அதே கூர்மை. படம் அழகுதான். ஆனால் அந்தக் கோட்டை ஆயிரம் அடி உயரமா, கொலுப்படியில் வைக்கிற பொம்மையா என்று கேட்டால் படத்துக்குள் பதில் இருக்காது.

வீடியோ கேம் தயாரிப்பில் இந்தப் பதில் முக்கியம். முப்பரிமாண உலகைக் கட்டத் தொடங்குவதற்கு முன்பு, அந்த இடம் எப்படி இருக்கும், அங்கே போய் நிற்கும் ஆட்டக்காரருக்கு என்ன தோன்ற வேண்டும் என்று வரைந்து பார்ப்பதுதான் கான்செப்ட் ஆர்ட். ஓவியர்கள் கையால் செய்துவந்த இந்த வேலையின் ஆரம்பகட்டத் தேடலுக்கு இப்போது மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற கருவிகளும் பயன்படுகின்றன. அவற்றுக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளைதான் ப்ராம்ப்ட்.

‘ஹியூஜ்’ என்ற சொல் ஏன் வேலை செய்வதில்லை? இந்தக் கருவிகள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விவரணைகளையும் சேர்த்துப் பார்த்துப் பழகியவை. பெரிய பூசணிக்காய்க்கும் ‘ஹியூஜ்’, பெரிய கப்பலுக்கும் ‘ஹியூஜ்’. அந்தச் சொல்லுக்கென்று நிலையான உருவம் கிடையாது. பொருளைச் சட்டம் நிறையக் காட்டு என்பதுதான் பெரும்பாலும் அதிலிருந்து கருவிக்குக் கிடைக்கும் சேதி. சட்டத்தை நிறைத்த பொருளோ அளவை இழந்துவிடுகிறது. பக்கத்தில் வைத்து அளந்துபார்க்க எதுவும் மிச்சமில்லை.

2005இல் ப்ளேஸ்டேஷன் 2இல் வந்த ‘ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்’ விளையாட்டை ஆடியவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். அங்கே ராட்சதர்களின் பிரமாண்டத்தைக் காட்டுவது ராட்சதர்கள் மட்டுமல்ல. அவர்களின் காலடியில் ஓடும் சின்னஞ்சிறு இளைஞன். நமக்குத் தெரிந்த அளவுள்ள ஒன்று படத்துக்குள் இருந்தால் கண் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. ஆள், குதிரை, கதவு, படிக்கட்டு, பறவைக் கூட்டம் என்று எதுவும் ஆகலாம்.

ஆழத்தின் கதை வேறு. தூரத்து மலை நீலமாகத் தெரிவது கண்ணுக்கும் அதற்கும் நடுவே இருக்கும் காற்றினால். சூரிய ஒளியில் நீலப் பகுதியைக் காற்று கூடுதலாகச் சிதறடிக்கிறது. அந்த ஒளி தூரத்துப் பொருள்களின் மேல் மெல்லிய திரையாகப் படிகிறது. தூரம் கூடக் கூட, கருமை வெளுக்கும், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு குறையும், நுணுக்கங்கள் மறையும். லியனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் இதை விளக்கமாகவே எழுதிவைத்தார். ஆகவே ‘ஹைலி டீடெய்ல்டு’ என்று எழுதுகிறவர் தமக்குத் தாமே குழி தோண்டுகிறார். தூரத்து மலையிலும் நுணுக்கம் கேட்டால் காற்று காணாமல் போகும். காற்று போனால் தூரமும் போகும்.

இதே கோட்டையை, இந்த இரண்டையும் மனத்தில் வைத்து இப்படி எழுதிப் பார்க்கலாம்:

```
wide establishing shot of a mountain valley,
dark broken causeway in the foreground,
ruined aqueduct in the middle distance, half in mist,
pale fortress on a far cliff, its base hidden by fog,
low sun behind the fortress, blue haze,
tiny rider seen from behind on the causeway --ar 21:9
```

கோட்டை இதில் இரண்டு இடங்களில்தான் வருகிறது. அதுவும் தூரத்தில், வெளிறிப்போய். முன்னால் இருண்ட பாதை, நடுவில் பாதி மூடிய கால்வாய்ப் பாலம், கடைசியில் கோட்டை என மூன்று அடுக்குகள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வெளிச்சம் சொல்லப்பட்டிருக்கிறது. அடிவாரத்தை மூடுபனி மறைப்பதற்கும் காரணம் உண்டு. எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சுவரை மனம் நீட்டிக்கொண்டே போகும். சுமார் 1818இல் காஸ்பர் டேவிட் ஃப்ரெடரிக் வரைந்த ‘பனிக்கடலுக்கு மேலே நிற்கும் நாடோடி’ ஓவியத்திலும் பள்ளத்தாக்கின் அடியைப் பனிதான் விழுங்கியிருக்கிறது. கடைசியில் இருக்கும் `--ar 21:9`, படத்தை அகலத்திரையாக்கச் சொல்லும் மிட்ஜர்னி கட்டளை.

இதற்குப் பிறகும் சிக்கல் வரும். அடிக்கடி வருவது, குதிரைக்காரன் கதாநாயகனாக வளர்ந்துவிடுவது. இணையத்துப் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் பெரிதாகவே இருப்பதால் கருவியும் அந்தப் பக்கமே சாயும். அவனை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளி, ‘டைனி’ என்றும் முதுகு காட்டி நிற்பவன் என்றும் சொன்னது அதற்காகத்தான். முகமும் உடையும் வர்ணித்தால் போச்சு, அவன் நெருங்கி வந்துவிடுவான். ஆளே வேண்டாம் என்று `no people` என எழுதுவதும் வம்பு. எதிர்மறையை இவை சரியாகப் புரிந்துகொள்வதில்லை, பெயர் சொன்னது பலமுறை வந்தே தீரும். மிட்ஜர்னியில் அதற்கென்று `--no people` இருக்கிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷனில் வேண்டாதவற்றுக்குத் தனிப் பெட்டி.

படம் தேறியதா என்று பார்க்க, ஓவியர்களின் பழைய வழியே போதும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்க வேண்டும். இருட்டு, இடைச் சாம்பல், வெளிர் என்று மூன்று பட்டைகள் தெளிவாகப் பிரிந்தால் ஆழம் இருக்கிறது. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலங்கினால் எத்தனை அலங்காரச் சொல் சேர்த்தும் பயனில்லை. அடுக்குகளின் வெளிச்சத்தைத்தான் மாற்றி எழுத வேண்டும்.

சொல்லால் முடியாத இடத்தில் படத்தையே கொடுக்கலாம். 2023இல் வந்த கன்ட்ரோல்நெட் என்ற இணைப்பு, ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கு ஆழ வரைபடம் ஒன்றைக் கொடுக்க வழிசெய்தது. அருகே இருப்பது வெள்ளை, தூரம் போகப் போகக் கறுப்பு, அவ்வளவுதான். பிளெண்டரில் சில பெட்டிகளை அடுக்கி வைத்தாலே அந்த வரைபடம் தயார். எது எங்கே என்பதைப் பெட்டிகள் பார்த்துக்கொள்ள, ப்ராம்ப்ட் வெளிச்சத்தையும் பனியையும் மட்டும் பேசினால் போதும். ‘எபிக்’ என்று பத்து முறை எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாகப் படத்தைப் பெரிதாக்கும்போது இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. சில முறைகள் படத்தைத் துண்டு துண்டாக எடுத்து மறுபடி வரைகின்றன. மாற்றும் அளவைக் கூட்டி வைத்தால், வெறும் பனியாக இருந்த துண்டிலும் கருவி எதையாவது வரைந்து வைக்கும். மேகத்துக்குள் குட்டிக் கோட்டைகள் முளைத்திருந்தால் அந்த அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

இன்னொரு குறுக்குவழி ஓவியரின் பெயரைச் சேர்ப்பது. போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயர் 2022இல் இப்படி எண்ணற்ற ப்ராம்ப்டுகளில் நுழைந்தது. தம் அனுமதியில்லாமல் நடந்த இதை அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். அவரது படங்களின் மூடுபனியும் எதிர்வெளிச்சமும் வேண்டுமென்றால் மூடுபனி, எதிர்வெளிச்சம் என்றே எழுதலாம். அதுதான் நியாயம், எது எதனால் வந்தது என்பதும் எழுதியவருக்குத் தெரியும்.

இத்தனையும் சரியாக அமைந்த படத்தைக்கூட அப்படியே கேமில் கட்டிவிட முடியாது. அந்தப் பாதை கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்கிறதா, பனிக்குள் முறிந்து நிற்கிறதா? பாலத்தின் வளைவுகள் மறுபக்கத்திலிருந்து எப்படித் தெரியும்? மறுபக்கத்தைக் கேட்டால் கருவி பெரும்பாலும் வேறொரு கோட்டையை வரைந்து கொடுக்கும். அதனால் கான்செப்ட் ஓவியர் அதன் மேலேயே வண்ணம் தீட்டித் திருத்தி, மேலிருந்து பார்க்கும் தரைப்படத்தைத் தனியாகப் போடுகிறார். குதிரைக்காரனின் இடுப்புயரத்துக்கு வரைந்திருந்த படிகளை ஆள் ஏறக்கூடிய உயரத்துக்குக் குறைப்பதும் அவர் வேலைதான்.