ஐந்து நிமிட வழிபாடு, ஒன்றரை நிமிட வீடியோ

வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் ஐந்து நிமிட வழிபாட்டைச் சொல்லித்தரும் வீடியோக்களில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஐந்து நிமிட வழிபாடு என்றால் வீடியோவும் ஐந்து நிமிடம் ஓட வேண்டும், பார்ப்பவர் அதைப் பார்த்துக்கொண்டே கும்பிட வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதுகிறார்கள். செங்குத்து வீடியோவில் இது நடக்காது. யூடியூப் ஷார்ட்ஸின் உச்ச வரம்பே 3 நிமிடம்தான். 2024 அக்டோபர் வரை அது 1 நிமிடமாக இருந்தது. வரம்பை விடுங்கள். பூஜை மாடத்துக்கு முன்னால் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு கும்பிடுகிறவருக்கு, இரண்டாம் நிமிடத்திலேயே அலுவலகக் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்துவிடும். ஆகவே வீடியோ கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். ஒன்றரை நிமிடத்தில் முறையைக் காட்டிவிட்டால், மறுநாள் அவர் போனைத் தொடாமல் தானே செய்வார். அப்படிப்பட்ட ஒரு ஸ்கிரிப்டை, சைவக் குடும்பத்து வழக்கத்தை வைத்து இங்கே எழுதிப் பார்க்கலாம்.

முதலில் வழிபாட்டையே நேரத்துக்குள் அடக்க வேண்டும். குளித்து முடித்த பிறகிலிருந்துதான் ஐந்து நிமிடக் கணக்கு. திருநீறு பூசி விளக்கு ஏற்ற ஒரு நிமிடம். ஒரு திருமுறைப் பாடலை நிதானமாகப் பாட ஏறக்குறைய ஒரு நிமிடம். ஐந்தெழுத்தை 50 முறை, ஒன்றுக்கு இரண்டு நொடி வீதம் சொன்னால் 100 நொடி. மீதி இருக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கும்பிட்டு, சற்று நின்று, விளக்கைக் குளிரவைக்கலாம். 108 முறை ஜபம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அதற்கே மூன்றரை நிமிடம் போய்விடும், பாட்டு அடிபடும். இரண்டில் ஒன்றைக் குறைக்க வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறைப்பதே நல்லது. பாட்டை விட்டுவிட்டால், வீட்டில் திருமுறை கேட்கிற வாய்ப்பே பலருக்கு இல்லாமல் போய்விடும்.

எந்தப் பாட்டு என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். இதற்குக் கோயிலிலேயே வழி இருக்கிறது. பூஜை நிறைவில் ஓதுவார்கள் பாடும் பஞ்சபுராணத்தில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாடல் வரும். ஐந்து பாட்டு, அலுவலக நாட்களும் ஐந்து. திங்கள் தேவாரத்தில் தொடங்கி வெள்ளி பெரியபுராணத்தில் முடித்தால், ஒரு வாரத்தில் ஒரு பஞ்சபுராணம் நிறைவாகிவிடும். சனி, ஞாயிறுகளில் அந்த வாரம் எந்தப் பாட்டு நாவில் நிற்கவில்லையோ அதையே திரும்பப் பாடலாம். ஐந்து பாடல்களையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்து மாடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் போனைத் திறக்கும் தேவையே இல்லை.

இனி ஸ்கிரிப்ட். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குக் கொஞ்சம் முன்பின்னாகப் போகும். நடுவில் கை செய்வதைக் காட்டவும் இடம் வேண்டும். ஆக, 90 நொடிக்கு 120 சொல்லுக்குள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் வணக்கமோ சேனல் பெயரோ வேண்டாம். முதல் காட்சியிலேயே திருநீற்றுச் சம்புடத்தை ஒரு கை திறக்கட்டும். பின்னணிக் குரல்: “எட்டு மணிக்கு கேப். குளிச்சாச்சு. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கா? வாங்க, சாமி கும்பிட்டுடலாம்.” இதற்கு ஆறு நொடி.

அடுத்து 20ஆவது நொடி வரை திருநீறு. “கிழக்கோ வடக்கோ பார்த்து நில்லுங்க. வலது கையில நடு மூணு விரலால திருநீறு எடுங்க. முகத்தை நிமிர்த்தி, கீழ சிந்தாம, ‘சிவ சிவ’ன்னு சொல்லிப் பூசுங்க.” இந்த முறை ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையில் உள்ளதுதான். ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் தனித்தனியாகத் தெரியும்படி கையை அருகில் எடுங்கள். ஒரு விரலால் கீற்றாக இட்டுக்கொண்டு ஓடுகிறவர்தான் இந்த வீடியோவைப் பார்க்கப்போகிறார். சொல்லைக் காட்டிலும் அந்தக் காட்சிதான் அவருக்கு வேண்டும்.

32ஆவது நொடி வரை விளக்கு. “அகல்ல ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு திரி. ஏத்துங்க. இதுவரைக்கும் ஒரு நிமிஷம்.” இங்கே திரையில் 1 என்ற எண் வரட்டும். ஒரு ஸ்பூன் எண்ணெயே அரைமணி நேரத்துக்கு மேல் எரியும் என்பதால் நிரம்ப ஊற்றுவதாகக் காட்ட வேண்டாம்.

52 வரை பாட்டு. “கைகூப்பி, ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லி, ஒரே ஒரு பாட்டு. திங்கள் தேவாரம், செவ்வாய் திருவாசகம், புதன் திருவிசைப்பா, வியாழன் திருப்பல்லாண்டு, வெள்ளி பெரியபுராணம். முடிச்சதும் மறுபடி ‘திருச்சிற்றம்பலம்’.” கிழமையும் நூற்பெயரும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து, கடைசியில் ஐந்தும் சேர்ந்து இரண்டு நொடி நிற்க வேண்டும். பார்ப்பவர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது அந்த இடத்தில்தான். பாடல் வரிகளை வீடியோவில் திணிக்காமல், கீழே விவரப் பகுதியில் கொடுத்துவிடலாம்.

76 வரை ஜபம். இந்த இடத்தைத்தான் நிறுத்தி நிதானமாக எடுக்க வேண்டும். “உட்காருங்க. மோதிர விரலோட நடுக்கணுவுல கட்டைவிரலை வைங்க. நமசிவாய. ஒவ்வொரு கணுவா இப்படிச் சுத்தி வந்தா பத்து. அதே மாதிரி அஞ்சு சுத்து. உதடு அசையலாம், சத்தம் வேண்டாம்.”

அந்த ‘இப்படி’ எது என்பதை ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். வலது கை. மோதிர விரலின் நடுக்கணு ஒன்று, அதன் அடிக்கணு இரண்டு. அங்கிருந்து சுண்டுவிரலுக்குப் போய் அடி, நடு, நுனி என்று ஏறினால் மூன்று, நான்கு, ஐந்து. பிறகு மோதிர விரல் நுனி ஆறு, நடுவிரல் நுனி ஏழு, ஆட்காட்டி விரல் நுனி எட்டு, அதன் நடுக்கணு ஒன்பது, அடிக்கணு பத்து. நடுவிரலின் கீழ் இரண்டு கணுக்கள் மேரு, அவற்றைத் தொடுவதில்லை. ஒவ்வொரு சுற்றும் முடிய இடது கையில் ஒரு விரலை மடக்கிக்கொண்டால், ஐந்து விரலும் மடங்கும்போது ஐம்பது ஆகிவிடும். பையில் ருத்திராட்ச மாலை தேட வேண்டியதில்லை. இது ஓட்டத்தில் இருப்பவருக்குப் பெரிய வசதி.

இந்தக் காட்சியை எதிரிலிருந்து எடுத்தால் கெட்டது. பார்ப்பவருக்கு இடவலம் மாறித் தெரியும், சுற்றும் திசை குழம்பும். செய்கிறவரின் தோளுக்கு மேலிருந்து, அவர் தன் கையைப் பார்க்கிற கோணத்திலேயே கேமராவை வையுங்கள். செல்பி கேமராவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில போன்கள் காட்சியைக் கண்ணாடி போலத் திருப்பியே பதிவு செய்துவிடும். வலது கையால் திருநீறு எடுத்தவர் வீடியோவில் இடது கையால் எடுப்பதாகத் தெரிவார். சைவ வீட்டில் இதை ஒருவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். பின்னால் ஒரு காலண்டர் தெரியும்படி சோதனைக்கு ஒரு துண்டு எடுத்துப் பாருங்கள். எழுத்து இடவலம் மாறி இருந்தால் பின்பக்கக் கேமராவுக்கு மாறிவிடுங்கள்.

கடைசி 14 நொடி. “இடம் இருந்தா விழுந்து கும்பிடுங்க, இல்லைன்னா நின்னே கும்பிடுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி விளக்கைப் பூவால குளிர வெச்சிடுங்க. நாளைக்கு இந்த வீடியோ வேண்டாம், உங்களுக்கே தெரியும்.” விளக்கு ஏற்றுவதைக் காட்டும் வீடியோக்கள் ஏராளம், குளிரவைப்பதைக் காட்டுபவை குறைவு. வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவருக்கு அதுதான் முதலில் வேண்டியது. வாயால் ஊதாமல், காம்புள்ள பூவால் திரியை மெல்ல எண்ணெய்க்குள் இழுத்துவிடுவதை இரண்டு நொடி காட்டினால் போதும். விடுதி அறையில் தங்கியிருப்பவர்களுக்கு நெருப்புக்கு அனுமதி இருக்காது. “ஹாஸ்டலா? விளக்கை விட்டுடுங்க, மத்தது எல்லாம் செய்யலாம்” என்று 32ஆவது நொடிக்கு முன் திரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இன்னொரு வரியும் அவசியம். தீட்சை பெற்றவர்களுக்கு ஐந்தெழுத்தைச் சொல்லும் முறையைக் குரு சொல்லியிருப்பார். ‘சிவாயநம’ என்று மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் அதையே தொடர வேண்டும். ஜபக் காட்சியில் ‘தீட்சை பெற்றவர்கள் குரு சொன்னபடி’ என்று எழுதிவிட்டால், யாருடைய முறைமேலும் நீங்கள் கைவைத்ததாக ஆகாது. இந்த ஐந்து நிமிடத்தைச் சிவபூஜை என்றும் தலைப்பிடாதீர்கள். சிவபூஜைக்குத் தீட்சையும் தனி விதிகளும் உண்டு. இது எளிய நித்திய வழிபாடு.

படம் எடுக்கையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். செங்குத்துத் திரையின் கீழ்க் கால்பகுதியைத் தலைப்பும் கணக்கின் பெயரும் மறைத்துவிடும், வலது ஓரத்தைப் பொத்தான்கள் மறைக்கும். தரையில் இருக்கும் அகலை வழக்கம்போல் சட்டத்தின் அடியில் வைத்தால் அது பார்ப்பவர் கண்ணுக்கே படாது. கேமராவைத் தாழ்த்தி, சுடரும் விரல்களும் நடுவில் வரும்படி எடுக்க வேண்டும்.

வெளியிடும் முன், திருமுறை வழக்கம் இல்லாத ஒருவரிடம் இரண்டு முறை காட்டுங்கள். போனை வாங்கிக்கொண்டு, “இப்போ செஞ்சு காட்டு” என்று சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அந்த இடத்தில்தான் ஸ்கிரிப்ட் பிழை. பெரும்பாலும் மோதிர விரலிலிருந்து சுண்டுவிரலுக்குத் தாவும் இடத்தில் நிற்பார்கள். அப்படியானால் பேச்சைக் கூட்டாமல், அந்தக் காட்சியை இரண்டு நொடி நீட்டி, பாதி வேகத்தில் ஓடவிடுங்கள்.

பின்னணியில் ஒரு பாடல் துணுக்கு வேண்டுமானால், விற்பனையில் உள்ள ஒலிப்பதிவை எடுத்துப் போடாதீர்கள். தேவாரம் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தப் பதிவு அதை வெளியிட்டவருக்கு உரியது, தளம் அதைக் கண்டுபிடித்து ஒலியை நிறுத்திவிடலாம். உங்கள் ஊர்க் கோயில் ஓதுவாரிடம் போய், அந்த ஐந்து பாடல்களைப் பண்ணோடு பாடித்தரும்படி கேளுங்கள். உரிய சன்மானத்தைக் கையில் கொடுத்து, அவருக்குச் சம்மதமானால் பெயரையும் திரையில் போடுங்கள்.