மேல்துணியும் லைனிங்கும் ஒன்றாகத் தைக்கப்படும்போது

மல்மல் காட்டனில் தைத்த பிளவுஸ் முதலில் விட்டுப்போவது கைக்குழியில்தான். பஸ் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டும்போது இழுவை முழுவதும் முதுகுப்புறத் தையலில் விழுகிறது. தையல் நூல் அறாது. துணியின் இழைகள்தான் தையலை ஒட்டி விலகிப்போகும்.

லைனிங்கைத் தனியாகத் தைத்து உள்ளே விட்டால் உடம்பு தெரியாது. ஆனால் இழுவையைத் தாங்குவது மேல்துணி மட்டுமே. அதன் தையல் ஓரங்களும் டாட்டுகளும் வெளியே நிழலாகத் தெரியும். வெட்டியவுடனே இரண்டையும் இணைத்து, ஒரே துணியாக வைத்துத் தைத்தால் இந்த இரண்டு குறையும் தீரும். நம்மூர் டெய்லர்கள் 'லைனிங் பிளவுஸ்' என்று தைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

வெள்ளை மல்மலில் நீலப் பூ அச்சடித்த துணி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வெள்ளை லைனிங்தான் பொருத்தம் என்று தோன்றும். மேல்துணிக்கு அடியில் லைனிங்கையும் அதற்கும் அடியில் கையையும் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும்: வெள்ளை பூவை எடுப்பாகக் காட்டும், உடம்பின் நிறத்தை ஒட்டிய லைனிங் உள்ளே இருப்பதை நன்றாக மறைக்கும். எது வேண்டும் என்பது உடுத்துபவரின் விருப்பம்.

இரண்டு துணியையும் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். லைனிங் பின்னால் சுருங்கினால் மேல்துணி கொப்புளம் கொப்புளமாக உப்பும். எந்த இஸ்திரிக்கும் அது அடங்காது.

இரண்டையும் ஒரே நேரிழையில் வெட்டி, லைனிங்கை மேஜையில் விரித்து, அதன்மேல் மல்மலைப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிட வேண்டும். டாட் குறிகளை லைனிங்கில் போட்டால் மேல்துணியில் சாக்பீஸ் கறையே படாது. ஒவ்வொரு டாட்டின் நடுக்கோட்டிலும் முனை வரை கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும். அது இல்லாவிட்டால் மிஷினில் ஓடும்போது ஒரு துணி வழுக்கிவிடும்.

ஓரங்களை இணைக்கும்போதுதான் கவனம் அதிகம் தேவை. உடம்பைச் சுற்றும்போது உள்ளே இருக்கும் துணிக்குச் சுற்றளவு குறைவு. அதனால் சுருட்டிய துண்டின்மேல், மல்மல் மேற்புறமாக இருக்கும்படி, முன்பாகத்தை வளைத்துப் பிடிக்க வேண்டும். லைனிங் ஓரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீளும். அந்த நிலையிலேயே தையல் விடுமுறைக்குள் ஓட்டுத் தையல் போட்டு, நீண்டதை வெட்டிவிடலாம். இதைச் செய்யாவிட்டால் மிச்சமுள்ள லைனிங் உள்ளே மடிப்பு மடிப்பாகச் சேரும்.

பிறகு கைத்தையலும் சுலபம். ஹெம்மிங் ஊசி லைனிங்கை மட்டும் பிடித்தால் போதும்; வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது.

சுருக்கு வைத்த பஃப் கைக்கு இந்த முறை ஒத்துவராது. இரண்டு துணி சேர்ந்து சுருங்கும்போது தோளில் தடித்துக்கொள்ளும். அந்தக் கையை ஒற்றைத் துணியாகவே விட்டு, பிசிர் வெளியே தெரியாதபடி பிரெஞ்சு சீம் போடுவது நல்லது.