திருத்துவதா, அழித்துவிட்டு எழுதுவதா?

இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களின் பாலிசி ஆவணத்தில் 'முப்பது நாள் காத்திருப்புக் காலம்' என்றொரு பத்தி இருக்கும். எந்த நிறுவனமானாலும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். பாலிசிகளில் இடம்பெறும் விலக்குகளை ஒரே மாதிரியாக எழுத வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இல் நெறிமுறை வகுத்தது. ஆங்கிலத்தில் மூன்றே வாக்கியங்கள். ஆனால் இதைத் தமிழாக்க உட்காரும் மொழிபெயர்ப்பாளர், இயந்திரம் தந்த வரைவைத் திருத்துவதா அல்லது அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதா என்று மூன்று இடத்திலும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கேள்வி பழையது. இயந்திர மொழிபெயர்ப்பை ஆராய அமெரிக்காவில் அமைக்கப்பட்ட 'அல்பாக்' குழு 1966இல் தன் அறிக்கையைத் தந்தது. இயந்திரத்தின் வெளியீட்டை ஆள் வைத்துத் திருத்தி எடுப்பதற்கு, நேரடியாக மொழிபெயர்ப்பதைவிடச் சற்று அதிக நேரம் ஆகிறது, செலவும் கூடுகிறது என்றது அது. இன்றைய இயந்திரங்கள் அப்போதையவற்றைவிட எவ்வளவோ தேறிவிட்டன. சுலபமான பத்திகளில் திருத்துவதுதான் வேகம் என்பதில் இப்போது பெரிய சர்ச்சை இல்லை. சிக்கல் எல்லாம் கடினமான பத்திகளில்தான்.

ஜெர்மன் ஆய்வாளர் ஹான்ஸ் கிரிங்ஸ் திருத்தும் உழைப்பை மூன்றாகப் பிரித்தார்: கடிகாரம் காட்டும் நேரம், விரல்கள் செய்யும் வேலை, மூளை செய்யும் வேலை. இயந்திரம் நிச்சயமாக மிச்சப்படுத்துவது நடுவில் உள்ளதை மட்டும்தான். கடினமான பத்தியில் நேரத்தை விழுங்குவதோ மூன்றாவது. மூலத்தைப் புரிந்துகொள்ளும் வேலை இரண்டு வழியிலும் உண்டு. திருத்துபவர் அதற்கு மேல் வரைவையும் படித்து, மூலத்தோடு ஒப்பிட்டு, எங்கே பிசகு என்று தேட வேண்டும். ஆகவே பத்தி கடினமா என்று கேட்பதைவிட, அதன் கடினம் எதில் இருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். கலைச்சொற்களும் நீளமும்தான் கடினம் என்றால் வரைவு கைகொடுக்கும். எது எதைச் சுட்டுகிறது, நிபந்தனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் கடினம் இருந்தால் அதே வரைவு பாரமாகிவிடும்.

காப்பீட்டுப் பத்திக்கே வருவோம். முதலில் அதன் இரண்டாம் வாக்கியம். அதற்கு இயந்திரம் பொதுவாகத் தரக்கூடிய தமிழ் இப்படி இருக்கும்: "எவ்வாறாயினும், காப்பீடு செய்யப்பட்ட நபர் பன்னிரண்டு மாதங்களுக்கும் மேலாகத் தொடர்ச்சியான பாதுகாப்பைக் கொண்டிருந்தால் இந்த விலக்கு பொருந்தாது." கேட்க விறைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எலும்புக்கூடு சரி. யார், என்ன நிபந்தனை, முடிவில் உடன்பாடா எதிர்மறையா என மூன்றும் மூலத்தோடு பொருந்துகின்றன. "எவ்வாறாயினும்" என்பதை "ஆனால்" ஆக்கி, "தொடர்ச்சியான பாதுகாப்பைக் கொண்டிருந்தால்" என்பதை "இடைவெளியின்றிக் காப்பீடு வைத்திருந்தால்" என்று மாற்றினால் போதும். சொற்கள் இருந்த இடத்திலேயே மாறுகின்றன, எதுவும் நகரவில்லை. இதை அழித்துவிட்டு எழுதுவது வீண் வேலை.

முதல் வாக்கியம் வேறு ரகம். "விபத்தினால் ஏற்படும் உரிமைகோரல்களைத் தவிர, அவை உள்ளடக்கப்பட்டிருந்தால், முதல் பாலிசி தொடக்கத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எந்தவொரு நோய்க்கும் சிகிச்சையளிப்பது தொடர்பான செலவுகள் விலக்கப்படும்" என்ற மாதிரி வரைவு வரும். சொல் சொல்லாகப் பார்த்தால் தவறென்று எதையும் காட்ட முடியாது. ஆனால் "செலவுகள் விலக்கப்படும்" என்பதைப் படிக்கும் பாலிசிதாரர், தனக்கு ஏதோ சலுகை கிடைப்பதாகக்கூட நினைக்கலாம். "அவை" என்பது கோரிக்கைகளையா செலவுகளையா என்பதும் தெளிவில்லை.

இதைத் திருத்த ஒரு சொல்லை மாற்றினால் போதாது. விதிவிலக்கைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் "தவிர" நிற்காது. "கோரிக்கைகளை" என்பது "கோரிக்கைகளுக்கு" ஆகும், அதன் பின் ஒரு புதிய வினைமுற்று தேவைப்படும். தமிழில் திருத்தும் வேலைக்கே உரிய தலைவலி இது. வினை கடைசியில் நிற்கும் மொழி, உறவுகளையெல்லாம் வேற்றுமை உருபுகளும் எச்சங்களும் தாங்குகின்றன. ஒரு தொடரை இடம் மாற்றினால் நாலைந்து விகுதிகளையும் தொட்டாக வேண்டும். ஒன்றை மறந்தாலும் வாக்கியம் நொண்டும்.

அழித்துவிட்டு எழுதினால் வேலை நேராக நடக்கிறது: "முதல் பாலிசி தொடங்கிய தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் எந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றாலும், அந்தச் செலவுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காது. விபத்தால் எழும் கோரிக்கைகள் பாலிசியின் வரம்புக்குள் வருபவையாக இருந்தால், அவற்றுக்கு இந்த விலக்கு இல்லை." ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும் என்று தோன்றிய கணத்திலேயே வரைவின் உபயோகம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

மூன்றாம் வாக்கியத்தில்தான் நிஜமான பொறி. பிற்காலத்தில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தினால் இந்தக் காத்திருப்பு அதற்கும் உண்டு என்கிறது மூலம். "மேம்படுத்தப்பட்ட காப்பீட்டுத் தொகைக்குப் பொருந்தும்" என்று இயந்திரம் சரளமாக எழுதிவிடும். ஐந்து லட்ச ரூபாய் பாலிசியைப் பத்து லட்சமாக உயர்த்தியவர் பத்து லட்சத்துக்கும் மறுபடி காத்திருக்க வேண்டுமா, கூடிய ஐந்து லட்சத்துக்கு மட்டுமா? மட்டும் என்பதே வழக்கமான பொருள். ஆனால் மூலத்தில் அந்தச் சொல் இல்லை. அதைச் சேர்க்கலாமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாக எழுத முனைந்தவர் இந்த இடத்தில் தானாகவே நின்றுவிடுவார், ஏனென்றால் பொருள் தெளியாமல் பேனா நகராது. திருத்துபவர் கண்ணுக்கு முன்னால் ஒழுங்கான ஒரு வாக்கியம் இருக்கிறது, அவர் கடந்து போய்விட வாய்ப்பு அதிகம். இன்றைய இயந்திரங்களின் சரளத்தில் உள்ள ஆபத்து இதுதான். விடுபட்ட 'இல்லை'யும் இடம் மாறிய நிபந்தனையும் அழகான தமிழுக்குள் ஒளிந்துகொள்கின்றன.

அனுபவசாலிகள் பலர் வரைவை முதலில் படிப்பதில்லை. மூலத்தைப் படித்து எழுவாய், வினை, நிபந்தனை, எதிர்மறை நான்கையும் மனதில் குறித்துக்கொண்ட பிறகே வரைவைப் பார்க்கிறார்கள். நான்கும் இருந்தால் திருத்தத் தொடங்குவார்கள். ஒன்று பிசகினாலும், அல்லது ஒரே வரைவை மூன்றாம் முறை படிப்பதாகத் தெரிந்தாலும், அழித்துவிடுவார்கள். வரைவை முதலில் படித்தால் அதன் வாக்கிய அமைப்பு காதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை அழித்தாலும் அதே விறைப்பு திரும்ப வந்து உட்காரும்.

அழிக்கும் சுதந்திரம் எப்போதும் இருப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுமையான திருத்தத்துக்கான ஐஎஸ்ஓ 18587 என்ற 2017ஆம் ஆண்டுத் தரநிலையே, இயந்திர வெளியீட்டை இயன்றவரை பயன்படுத்திக்கொள்ளச் சொல்கிறது. திருத்தும் பணிக்குச் சொல்லுக்கான கூலியும் வழக்கமாகக் குறைவு. மொழிபெயர்ப்பு மென்பொருள்கள் பத்தியை வாக்கியம் வாக்கியமாகக் கட்டம் கட்டிக் காட்டுவதால், இரண்டை ஒன்றாக்குவதும் ஒன்றின் கருத்தை அடுத்ததற்கு நகர்த்துவதும் சிரமம். ஆனால் அதே மென்பொருள்களால் ஒரு லாபமும் உண்டு. 'மேட்கேட்' போன்றவை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு நேரம் செலவானது, வரைவு எவ்வளவு மாறியது என்று பதிவு செய்கின்றன. காப்பீடு, சட்டம், மருத்துவம் என்று துறைவாரியாகத் தன் பதிவுகளைப் புரட்டிப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கு, எந்த வகை வாக்கியத்தில் தன் நேரம் வீணாகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த முறை கூலி பேசும்போது அந்தக் கணக்கை மேசைமேல் வைக்கவும் செய்யலாம்.