இரைச்சலில் தொலையும் சால்மன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவின் வான்கூவர் தீவுக்கும் நடுவே ஹாரோ நீரிணை என்ற ஒடுங்கிய கடல்வழி இருக்கிறது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வான்கூவர் துறைமுகத்துக்குப் போகும் பெரும் சரக்குக் கப்பல்கள் இதன் வழியாகத்தான் போய்வருகின்றன. தெற்குப் பகுதி ஓர்காக்கள் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் திமிங்கிலக் கூட்டம் கோடைக்காலத்தில் இரை தேடிவரும் இடமும் இதுதான். 1995இல் இந்தக் கூட்டத்தில் 98 ஓர்காக்கள் இருந்தன. பிறகு அந்த எண்ணிக்கை எழுபத்தைந்துக்கும் கீழே இறங்கியது.

ஓர்காவைக் கொலைகாரத் திமிங்கிலம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அது டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. டால்பின்களைப் போலவே அதுவும் தன் இரையைக் காதால் தேடுகிறது. அந்தப் பகுதிக் கடல்நீர் மிதவை உயிரிகளாலும் ஃப்ரேசர் ஆறு கொண்டுவரும் வண்டலாலும் கலங்கிக் கிடக்கும். கண்ணை மட்டும் நம்பினால் சில மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. நீரில் ஒலியோ நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் பாய்கிறது. இது காற்றில் செல்வதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

ஓர்காவின் தலையில், மூச்சுத் துளைக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பாதைக்குள் இரண்டு ஜோடி தசைமடிப்புகள் உள்ளன. அவற்றின் இடையே காற்றை அழுத்தித் தள்ளும்போது மடிப்புகள் அடித்துக்கொண்டு ‘டிக்’ என்ற குறுகிய ஒலி பிறக்கிறது. நெற்றியில் புடைத்திருக்கும் கொழுப்புத் திரள் அந்த ஒலியைக் குவித்து முன்னால் ஒரு கற்றையாக அனுப்புகிறது. எதிரே ஒரு மீன் இருந்தால் ஒலியின் சிறு பங்கு அதில் பட்டுத் திரும்புகிறது. திரும்பும் ஒலி முக்கியமாகக் கீழ்த்தாடை வழியாகத்தான் உள்ளே போகிறது. தாடை எலும்பை ஒட்டியிருக்கும் கொழுப்பு அதை உட்காதுக்குக் கொண்டுசேர்க்கிறது. நீலத் திமிங்கிலம் போன்ற பல்லில்லாத பெருந்திமிங்கிலங்களிடம் இந்த முறை இருப்பதாகத் தெரியவில்லை. எதிரொலியால் வேட்டையாடுபவை பல்லுள்ள திமிங்கிலங்களும் டால்பின்களும்தான்.

ஓர்காவின் கிளிக் ஒலியில் பெரும்பங்கு மனிதக் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில், 50 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் இருக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. அந்த அதிர்வெண்ணில் நீரில் ஓர் ஒலியலையின் நீளம் மூன்று சென்டிமீட்டர்தான். அலை குறுகியதாக இருந்தால்தான் மீன் அளவுள்ள பொருளிலிருந்து தெளிவான எதிரொலி கிடைக்கும். இந்த ஓர்காக்கள் பெரிதும் நம்பியிருப்பது சினூக் என்ற பெரிய சால்மன் வகையை. வேறு சால்மன்கள் பல மடங்கு அதிகமாக நீந்திக்கொண்டிருக்கும் காலத்திலும் இவை சினூக்கையே தேடிப் பிடிக்கின்றன. சால்மனின் வயிற்றுக்குள் மிதப்பதற்கான காற்றுப்பை ஒன்று உண்டு. எதிரொலியில் பெரும்பகுதி அந்தக் காற்றுப்பையிலிருந்துதான் வருகிறது.

விட்லோ ஆவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, அமைதியான கடலில் ஓர் ஓர்காவால் சினூக்கை ஏறக்குறைய நூறு மீட்டர் தொலைவிலேயே கண்டுகொள்ள முடியும். பலத்த மழை கடலில் விழுந்தாலே அந்தத் தூரம் குறைந்துவிடும். அப்படியானால் கப்பல் என்ன செய்யும்?

கப்பலின் இரைச்சலில் பெரும்பங்கு எஞ்சினிலிருந்து வருவதில்லை, அதன் சுழல்விசிறியிலிருந்து வருகிறது. விசிறி வேகமாகச் சுழலும்போது அதன் அலகின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்து, நீர் ஆவியாகிக் குமிழிகள் உண்டாகின்றன. அழுத்தம் கூடிய இடத்துக்கு வந்ததும் அவை நொறுங்கி ஒலியெழுப்புகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான குமிழிகள் இப்படி உடைவதுதான் நீருக்கடியில் கேட்கும் அந்தப் பேரிரைச்சல். அதன் ஆற்றல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் இருக்கிறது. ஆகவே உயர்ந்த அதிர்வெண்ணில் வேட்டையாடும் ஓர்காவை இது பாதிக்காது, தாழ்ந்த குரலில் பேசும் பெருந்திமிங்கிலங்களுக்குத்தான் தொல்லை என்று நீண்டகாலம் கருதப்பட்டது.

அந்த எண்ணத்தை மாற்றியது ஹாரோ நீரிணைக் கரையில் உள்ள லைம் கில்ன் கலங்கரை விளக்கம். அதன் கீழே கடலுக்குள் பொருத்தப்பட்ட ஒலிவாங்கியில் ஸ்காட் வெயர்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஒலியைப் பதிவுசெய்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். சில கிலோமீட்டருக்குள் கடந்துபோகும் கப்பலின் இரைச்சல், ஓர்காக்களின் கிளிக் ஒலி இருக்கும் உயர் அதிர்வெண்கள் வரை எட்டுகிறது என்று அதில் தெரிந்தது. உயர் ஒலியை நீர் சீக்கிரம் உறிஞ்சிவிடும் என்பது சரிதான். ஆனால் ஹாரோ நீரிணை குறுகியது. கப்பலும் திமிங்கிலமும் ஒன்றையொன்று விட்டு அதிகம் விலகிப்போக அங்கே இடமில்லை.

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். ஒலி போகும்போதும் பரவி மெலிகிறது, எதிரொலியாகத் திரும்பும்போதும் மெலிகிறது. அதனால் மீன் இருக்கும் தூரம் இரட்டித்தால் எதிரொலி சுமார் 12 டெசிபல் குறையும். இதையே திருப்பிப் பார்த்தால், சுற்றியுள்ள இரைச்சல் 12 டெசிபல் கூடும்போது நூறு மீட்டரில் தெரிந்த சினூக், கிட்டத்தட்ட ஐம்பது மீட்டருக்குள் வந்தால்தான் தெரியும். தூரம் பாதியானாலும் இழப்பு பாதியோடு நிற்பதில்லை. ஓர்கா தேடுவது மூன்று பரிமாண நீரில். ஆரம் பாதியானால் அது தேடக்கூடிய நீரின் கொள்ளளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே முயற்சியில், அதே மூச்சில், எட்டில் ஒரு பங்கு கடலைத்தான் அதனால் அலச முடிகிறது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. ஓர்காவின் முதுகில் உறிஞ்சுகுமிழ்களால் ஒட்டிக்கொள்ளும் சிறு கருவி ஒன்று உண்டு. சில மணி நேரம் ஒட்டியிருந்துவிட்டுத் தானாகக் கழன்று மிதக்கும். அதுவரை விலங்கு எழுப்பும் ஒலி, கேட்கும் ஒலி, போகும் ஆழம், உடலின் ஒவ்வொரு புரளல் எல்லாம் அதில் பதிவாகும். பதிவைக் கேட்டால் வேட்டை கட்டம் கட்டமாக விளங்கும். முதலில் மெதுவான கிளிக்குகள் வரும், அது தேடல். பிறகு அவை நெருங்கி, கடைசியில் ஒரே ரீங்காரமாகும். மீன் அருகில் வந்துவிட்டது. உடல் சட்டென்று திரும்பி, பல் கடிக்கும் ஓசை கேட்டால் மீன் அகப்பட்டது என்று பொருள். ரீங்காரம் எழாமலே கிளிக்குகள் ஓய்ந்து, ஓர்கா மேலேறிவிட்டால் அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இந்தப் பதிவுகளைக் கொண்டு மார்லா ஹோல்ட், ஜெனிஃபர் டென்னசன் ஆகியோரின் குழுக்கள் ஆராய்ந்ததில் கவலைக்குரிய ஒரு வேறுபாடு வெளிப்பட்டது. படகுகள் சுமார் 370 மீட்டருக்குள் வந்தால் பெண் ஓர்காக்கள் வேட்டையை நிறுத்திவிடும் வாய்ப்பு அதிகம். ஆண்கள் அப்படிச் செய்வதில்லை. 2024இல் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமாகக் காட்டியது. இரைச்சல் கூடினால் மெதுவான தேடல் நீள்கிறது, துரத்தல் குறைகிறது, துரத்தினாலும் மீன் அகப்படுவது அரிதாகிறது. பெண்கள் முயற்சியைக் கைவிடுவதும் கூடுகிறது. குட்டியை நீர்ப்பரப்பில் விட்டுவிட்டு ஆழத்துக்குப் போவது தாய்க்கு ஆபத்தாகத் தோன்றுவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இந்தக் கூட்டத்தில் கருவுற்றவற்றில் மூன்றில் இரண்டு பங்குவரை கரு நிலைக்காமல் போனதாக, மலத்திலுள்ள ஹார்மோன்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். போதிய உணவில்லாமைதான் அதன் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. வேட்டையை விட்டுவிடுபவர்கள் தாய்மார்கள் என்பதைத்தான் நான் இந்தக் கதையின் மையமாகக் கருதுகிறேன்.

கிளிக் இரை தேடுவதற்கு. கூட்டத்தாரோடு பேசுவதற்கு ஓர்காக்களிடம் வேறு ஒலிகள் உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கென்று ஒரு வழக்கு இருக்கிறது என்பதைக் கனடிய ஆய்வாளர் ஜான் ஃபோர்டு நிறுவினார். பிடித்த சால்மனைப் பங்கிட்டு உண்ணும் விலங்குகள் இவை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு இந்த அழைப்புகள் வேண்டும். இங்கே பாதிப்பு இன்னும் கூடுதல், ஏனென்றால் அழைப்பு ஒருவழிப் பயணம். இரைச்சல் 6 டெசிபல் கூடினாலே குரல் எட்டும் தூரம் பாதியாகிவிடும். கல்யாண வீட்டில் ஒலிபெருக்கி அலறும்போது நாம் கத்திப் பேசுவதைப் போல ஓர்காவும் செய்கிறது. இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால் தன் அழைப்பையும் ஏறக்குறைய ஒரு டெசிபல் உயர்த்துகிறது என்று ஹோல்ட் 2009இல் அளந்து காட்டினார். படகுகள் பெருகிய பிறகு இவற்றின் அழைப்புகள் நீண்டுவிட்டன என்று அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. உரக்கக் கத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குச் செலவாகும் ஆற்றலும் அந்தச் சால்மனிலிருந்துதான் வரவேண்டும்.

இவற்றின் நலிவுக்குக் கப்பல் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். 1960களிலும் 70களிலும் காட்சிக் குளங்களுக்காக இவற்றின் குட்டிகள் டஜன் கணக்கில் பிடித்துச் செல்லப்பட்டன. ஆறுகளில் கட்டிய அணைகளாலும் மிகுதியான மீன்பிடிப்பாலும் சினூக் அருகிவிட்டது. பழைய தொழிற்சாலை நச்சுகள் உடல் கொழுப்பில் சேர்ந்திருக்கின்றன. பசியில் கொழுப்பு கரையும்போது அந்த நச்சு இரத்தத்தில் கலக்கிறது. ஆனால் சினூக்கை மீட்கப் பல தலைமுறை ஆகும், நச்சு கரையப் பல பத்தாண்டுகள் ஆகும். இரைச்சலைக் குறைப்பதற்குக் கப்பல் வேகத்தைக் குறைத்தால் போதும், பலன் அதே நாளில் கிடைக்கும்.

அதைத்தான் வான்கூவர் துறைமுக நிர்வாகம் 2017இல் சோதித்துப் பார்த்தது. ஹாரோ நீரிணையின் சுமார் 16 கடல்மைல் தூரத்தை மணிக்கு 11 கடல்மைல் வேகத்தில் கடக்கும்படி கப்பல்களைக் கேட்டுக்கொண்டது. கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் செய்யலாம். பாதிக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒத்துழைத்தன. வேகம் குறைந்தால் விசிறியில் குமிழி குறைகிறது, இரைச்சலும் அளக்கத்தக்க அளவு இறங்கியது. பின்வந்த ஆண்டுகளில் பங்கேற்பு எண்பது சதவீதத்தைத் தாண்டியது. 16 கடல்மைல் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் முடியும் பயணம், 11இல் ஒரு மணி இருபத்தேழு நிமிடம் ஆகும். கப்பல் நீண்டநேரம் அங்கே இருக்கும்தான். ஆனாலும் மொத்தத்தில் கடலில் கொட்டும் ஒலியாற்றல் குறைவு.

சிறு படகுகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. பல படகுகளின் ஆழம் காட்டும் கருவி 50 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஓர்கா கேட்டுக்கொண்டிருக்கும் அதே அதிர்வெண்ணில், விடாமல் ஒலியெழுப்புகிறது. திமிங்கிலம் தென்பட்டால் அதை அணைத்துவிடச் சொல்கிறார்கள். 2025 ஜனவரி முதல் வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி எந்தப் படகும் இந்தக் கூட்டத்துக்கு ஆயிரம் கெஜத்துக்குள் போகக்கூடாது.

பெருங்கப்பல்களுக்கோ இன்னும் அப்படிக் கட்டாயச் சட்டமில்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2014இல் நீரடி இரைச்சல் பற்றி வழிகாட்டுதல்களை வெளியிட்டு 2023இல் அவற்றைத் திருத்தியது. விசிறியின் வடிவமைப்பு, கப்பல் அடிப்பகுதியைச் சுத்தமாக வைப்பது, வேகம் என எல்லாம் அதில் இருக்கின்றன. கடைப்பிடிப்பது கப்பல் நிறுவனங்களின் விருப்பம். ஓர்காக்கள் இரை தேடிவரும் மாதங்களிலாவது, ஹாரோ போன்ற குறுகிய நீர்வழிகளிலாவது, அந்த விருப்பம் சட்டமாக வேண்டும்.