மூச்சு இயங்கியும் உயிர்வளி குறைவதேன்?

மார்பு விரிந்து சுருங்கியும் இரத்தத்தில் உயிர்வளி குறைவதுண்டு. ஆஸ்துமாவில் சில காற்றறைகளுக்கு இரத்தம் வழக்கம்போற் செல்ல, காற்று மட்டும் குறைகிறது. இப்பொருத்தமின்மையால் விரல்மானி 90 விழுக்காட்டைக் காட்டும். முகமூடிவழி உயிர்வளி தந்தால், குறுகிய குழாய்களிலும் அது புகுவதால், அளவு விரைவில் உயரும்.

கடும் நிமோனியாவிலோ காற்றறைகள் நீர்மத்தால் நிரம்பிவிடுகின்றன. அங்கே ஓடும் இரத்தம் காற்றைக் காணாமலே திரும்புகிறது. 'ஷண்ட்' எனப்படும் இதனை நாம் குறுக்கோட்டம் என்போம். 'இணைத்தடம்' என்னும் மின்னியற்சொல் இங்குப் பொருந்தாது. பாதி இரத்தம் இவ்வாறு 60 விழுக்காட்டுடனும் மறுபாதி 98 விழுக்காட்டுடனும் திரும்புவதாகக் கொள்வோம். கலந்தபின் அளவு 79. நலமான பாதியின் ஹீமோகுளோபின் 100 விழுக்காட்டைத் தாண்ட இயலாது. ஆதலால் தூய உயிர்வளி தந்தாலும் கலவை சற்றே உயரும். உயிர்வளியை மிகுத்தும் எண் ஏறாமையே மருத்துவர் காணும் அடையாளம். அந்நிலையில் அழுத்தத்தால் காற்றறைகளைத் திறக்க முயல்வர்.

மூன்றாவது, ஊடுபரவல் தடை. நார்த்திசு மிகுந்து காற்றறைச் சுவர் தடித்தாலும், இரத்தம் நுண்குழாயில் ஏறத்தாழ முக்கால் நொடி தங்குவதால் ஓய்வில் அளவு பெரிதும் குறையாதிருக்கலாம். நடக்கும்போது அந்நேரம் சுருங்க, எண் சரியும். எனவே இந்நோயாளியைப் படுக்கையில் மட்டும் அளந்தால் போதாது, நடக்கவைத்தும் அளக்கவேண்டும்.