மைனஸ் 22 மில்லிவோல்ட்

எல்எம்35 என்ற சென்சார் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 10 மில்லிவோல்ட் மின்னழுத்தம் தரும். அறையில் 30 டிகிரி என்றால் 300 மில்லிவோல்ட். அதை ஆர்டுயினோ ஊனோ பலகையில் இணைத்தால், அதிலுள்ள ஏடிசி அந்த மின்னழுத்தத்தை ஓர் எண்ணாக்கிக் கொடுக்கும். அந்த எண் மில்லிவோல்ட் அல்ல. பலகையின் 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்து, நம் மின்னழுத்தம் எத்தனையாவது படியில் நிற்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. 300 மில்லிவோல்ட்டுக்குக் கிடைப்பது 61.

இதை மில்லிவோல்ட்டாக்க 5000-ஆல் பெருக்கி 1024-ஆல் வகுத்தால் போதும். ஊனோவின் சில்லில் தசம எண்களுக்கெனத் தனிச் சுற்று கிடையாது. அந்தக் கணக்கை மென்பொருள்தான் மெதுவாகச் செய்ய வேண்டும். அதனால் முழு எண்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பலரும் இப்படி எழுதுவார்கள்:

```
int raw = analogRead(A0);
long mv = raw * 5000 / 1024;
```

திரையில் 297 வர வேண்டும். வருவதோ -22.

ஊனோவில் `int` என்பது 16 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. 61-ஐ 5000-ஆல் பெருக்கினால் 3,05,000. அது அங்கே கொள்ளாது. மேல் பிட்டுகள் உதிர்ந்துபோய், எஞ்சியது எதிர்ம எண்ணாகிவிடுகிறது. விடையை `long` மாறியில் வாங்கியும் பயனில்லை, ஏனென்றால் பெருக்கலின் இரு பக்கமும் `int` ஆக இருப்பதால் அது 16 பிட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. `long` வருவதற்குள் சேதம் நேர்ந்துவிட்டது. இதே பெருக்கல் 32 பிட் `int` உள்ள ஈஎஸ்பி32 பலகையில் கொள்ளளவைத் தாண்டாது. அங்கே சோதித்துவிட்டு ஊனோவுக்கு மாற்றுபவர்கள்தான் அதிகம் திகைப்பார்கள்.

முதலில் வகுத்துவிட்டால் என்ன? 61-ஐ 1024-ஆல் வகுத்தால் முழு எண் கணக்கில் பூஜ்யம். பிறகு எதனால் பெருக்கியும் பூஜ்யம்தான். ஆகவே பெருக்கலே முதலில், ஆனால் 32 பிட்டில்:

```
long mv = (raw * 5000L + 512) / 1024;
```

`L` என்ற ஓர் எழுத்து பெருக்கலை 32 பிட்டுக்கு உயர்த்துகிறது. மிகப் பெரிய படியான 1023 வந்தாலும் பெருக்குத்தொகை 51 லட்சத்துச் சொச்சம்தான், தாராளமாக அடங்கும். வகுத்தல் பின்னத்தை வெட்டி எறிந்துவிடும் என்பதால், 1024-இல் பாதியான 512-ஐக் கூட்டுகிறோம். 297.85 இப்போது 298 ஆகிறது.

இன்னும் 2 மில்லிவோல்ட் குறைகிறதே என்றால், அது கணக்கின் குறையல்ல. ஒரு படியின் அகலமே ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட், அதாவது அரை டிகிரி. அதைவிட நுட்பமாக இந்த அமைப்பால் பார்க்க முடியாது.

விடை பல டிகிரி விலகினால் சந்தேகிக்க வேண்டியது அந்த 5000-ஐத்தான். யுஎஸ்பியில் ஓடும் பலகைக்குச் சரியாக 5 வோல்ட் கிடைக்கும் என்ற உறுதியில்லை. 4.75 வோல்ட்தான் கிடைக்கிறதென்றால் அதே 300 மில்லிவோல்ட் 64-ஆவது படியில் போய் நிற்கும். நிரல் 313 என்று காட்டும், அதாவது 31.3 டிகிரி. பலகையின் 5 வோல்ட் முனையை மல்டிமீட்டரால் அளந்து, 4750 என்று வந்தால் `5000L` இருந்த இடத்தில் `4750L` என்று எழுத வேண்டும்.