நிகர பூஜ்ஜியம்: எதிலிருந்து எதைக் கழிப்பது?

ஃபின்லாந்து நாட்டின் நிலப்பரப்பில் முக்கால் பங்கு காடு. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த நாட்டின் பருவநிலைச் சட்டம், 2035-க்குள் நாடு நிகர பூஜ்ஜிய நிலையை எட்ட வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கு வைத்துக்கொண்ட கெடு 2050. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பாகவே முடிப்போம் என்று ஃபின்லாந்து துணிந்ததற்குக் காரணம் அதன் காடுகள்தான்.

சட்டத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. ஆலைகள், வாகனங்கள், மின்நிலையங்கள், பண்ணைகள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் வாயுக்களை 2035-க்குள் ஆண்டுக்கு 2.1 கோடி டன்னாகக் குறைப்பது. காடும் மண்ணும் அதே 2.1 கோடி டன்னைக் காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மீதி எதுவும் இராது. ‘நிகர’ என்ற சொல் குறிப்பது இந்தக் கழித்தலைத்தான். புகையே வராத நாடு என்று அதற்குப் பொருள் இல்லை. காற்றில் சேர்வதும் காற்றிலிருந்து எடுக்கப்படுவதும் சமமாகும் நிலை அது.

கணக்கின் முதல் பாதி ஒழுங்காகவே நடந்தது. 1990-ல் ஏறத்தாழ 7 கோடி டன்னாக இருந்த உமிழ்வு, 2023-ல் சுமார் 4 கோடி டன்னாக இறங்கியது. காற்றாலைகள் பெருகின. ஓல்கிலுவோட்டோவின் மூன்றாவது அணுவுலை மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரியின் பங்கு சுருங்கியது.

இரண்டாவது பாதிதான் கைவிட்டது. 2021-ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பு வந்தபோது, காடு, விளைநிலம், ஈரநிலம் எல்லாம் சேர்ந்த நிலத்துறை உறிஞ்சியதைவிட வெளியிட்டதே அதிகம் என்று தெரிந்தது. கழிக்க வேண்டிய எண் கூட்ட வேண்டிய எண்ணாக மாறிவிட்டது.

காரணங்கள் பல. காகிதக் கூழுக்கும் விறகுக்கும் மரம் வெட்டுவது அதிகமாகியிருந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்யாவிலிருந்து மரம் வருவது நின்றதால் உள்நாட்டுக் காடுகள் மீதான அழுத்தம் மேலும் கூடியது. மரங்கள் வளரும் வேகமும் குறைந்திருந்தது. இவற்றோடு மண்ணின் பங்கும் உண்டு. பாதி மக்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான சதுப்பு நிலங்கள் ஃபின்லாந்தில் மிகுதி. மரம் வளர்ப்பதற்காக அவற்றில் ஏறத்தாழ பாதியில் முன்பே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்திருந்தார்கள். நீர் வடிந்த மண்ணுக்குள் காற்று புகுந்தால், அதுவரை மக்காமல் கிடந்தது மக்கத் தொடங்கும். கரியமில வாயு வெளியேறும். தட்பவெப்பம் கூடக் கூட இது விரைவாகிறது. சட்டம் எழுதும்போது கையிருப்பு என்று நம்பிய காடு இப்படித்தான் கரைந்தது.

இந்தச் சிக்கல் ஒரு நாட்டோடு நிற்பதில்லை. ஏன் நிகர பூஜ்ஜியம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து பார்த்தால் அது விளங்கும். கரியமில வாயு ஒருமுறை காற்றில் கலந்துவிட்டால் அதில் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் அங்கேயே இருக்கும். அதனால் பூமியின் வெப்பநிலை, இந்த ஆண்டு எவ்வளவு வெளியிட்டோம் என்பதைவிட, இதுவரை மொத்தம் எவ்வளவு சேர்த்தோம் என்பதைப் பொறுத்தே உயர்கிறது. உமிழ்வைப் பாதியாக்கினால் வெப்பம் ஏறும் வேகம் குறையுமே தவிர ஏற்றம் நிற்காது. நிற்க வேண்டுமானால் புதிதாகச் சேர்வது பூஜ்ஜியமாக வேண்டும். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த, உலகின் கரியமில வாயு உமிழ்வு 2050 வாக்கில் நிகர பூஜ்ஜியத்துக்கு வர வேண்டும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2018-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. 2015 பாரிஸ் ஒப்பந்தமும், இந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உமிழ்வுக்கும் உறிஞ்சலுக்கும் இடையே சமநிலை வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தது.

அப்படியானால் முழுவதையும் நிறுத்திவிடலாமே என்று கேட்கலாம். சில உமிழ்வுகளை நிறுத்த வழி தெரியவில்லை. சிமென்ட் ஆலை முழுக்க முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடினாலும், சூளையில் சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறியே தீரும். சிமென்ட் உற்பத்தியின் உமிழ்வில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. தண்ணீர் நிற்கும் நெல்வயலிலும் மாட்டின் வயிற்றிலும் மீத்தேன் உண்டாகிறது. உரமிட்ட நிலத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. நெடுந்தூர விமானத்தை மின்கலத்தில் ஓட்ட இன்னும் முடியவில்லை. இப்படி மிஞ்சும் உமிழ்வுக்கு ஈடாகத்தான் காற்றிலிருந்து எடுப்பது என்ற ஏற்பாடு வந்தது.

எடுக்கும் வழிகளில் மரமே மலிவானது. உலகம் முழுவதும் மனித முயற்சியால் இன்று காற்றிலிருந்து எடுக்கப்படும் சுமார் 200 கோடி டன்னில் ஏறத்தாழ எல்லாமே மரங்களும் மண்ணும் எடுப்பதுதான். ஆனால் மரத்தில் சேர்ந்த கரிமம் தீயிலோ பூச்சித் தாக்குதலிலோ கோடரியிலோ மீண்டும் காற்றுக்குப் போய்விடக்கூடும். நிலத்தடியிலிருந்து தோண்டியெடுத்த எண்ணெயின் புகை காற்றில் பல தலைமுறை இருக்கும். அதற்கு ஈடாக வைக்கும் காடு நாற்பதாவது ஆண்டில் எரிந்துபோனால், கணக்குப் புத்தகத்தில் உள்ள சமநிலை காற்றில் இராது.

நீடித்து நிற்கும் வழியும் உண்டு. ஐஸ்லாந்தில் கிளைம்வொர்க்ஸ் நிறுவனம் பெரிய மின்விசிறிகளால் காற்றை இழுத்து, கரியமில வாயுவைப் பிரித்து, நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறது. சில ஆண்டுகளில் அது கல்லாகிவிடும். 2024-ல் தொடங்கிய அதன் ‘மம்மத்’ ஆலையின் திட்டமிட்ட திறன் ஆண்டுக்கு 36,000 டன். ஃபின்லாந்து தன் காட்டிடம் எதிர்பார்த்த 2.1 கோடி டன்னை இப்படி எடுப்பதென்றால், முழுத் திறனில் ஓடும் அத்தகைய ஆலைகள் 580-க்கு மேல் வேண்டும். அதனால்தான் மிச்ச உமிழ்வு என்ற பகுதியை எவ்வளவு சிறிதாக வைக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

இங்கிருந்துதான் வரையறைகள் பிரிகின்றன. எந்த வாயுவைக் கணக்கில் சேர்ப்பது என்பது முதல் பிரிவு. நியூசிலாந்தின் உமிழ்வில் ஏறத்தாழ பாதி வேளாண்மையிலிருந்து, பெரும்பாலும் மாடுகளிடமிருந்தும் செம்மறி ஆடுகளிடமிருந்தும் வருகிறது. 2019-ல் அந்த நாடு இயற்றிய சட்டம், கால்நடைகளும் கழிவுகளும் வெளியிடும் மீத்தேனைத் தவிர மற்ற எல்லா வாயுக்களும் 2050-க்குள் நிகர பூஜ்ஜியம் ஆக வேண்டும் என்றது. விலக்கி வைத்த மீத்தேனை 2017-ன் அளவிலிருந்து 24 முதல் 47 சதவீதம் வரை குறைத்தால் போதும். 2025-ல் அரசு இதை 14 முதல் 24 சதவீதமாகத் தளர்த்த முடிவெடுத்தது. மீத்தேன் பன்னிரண்டு ஆண்டுகள் போலத்தான் காற்றில் தங்கும் என்பதால், அதைப் பூஜ்ஜியமாக்காமலே வெப்ப ஏற்றத்தை நிறுத்தலாம் என்பது இந்த ஏற்பாட்டுக்குச் சொல்லப்படும் அறிவியல் காரணம். அதே குணத்தால், மீத்தேனை விரைவாகக் குறைத்தால் பலனும் விரைவாகக் கிடைக்கும் என்பது எதிர்த்தரப்பின் வாதம். இரண்டும் உண்மைதான்.

இரண்டாவது பிரிவு, எங்கே எடுப்பது, எப்போது முடிப்பது என்பவை பற்றியது. ஸ்வீடனின் இலக்கு 2045. 1990-ன் உமிழ்வில் குறைந்தது 85 சதவீதத்தை உள்நாட்டிலேயே குறைக்க வேண்டும். மீதியை வெளிநாடுகளில் செய்யும் குறைப்புகளைக் கொண்டும் ஈடுகட்டலாம் என்று அது வைத்துக்கொண்டது. சீனா 2060-க்கு முன் என்றது. இந்தியா 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் 2070 என்று அறிவித்தது. இந்தியர் ஒருவருக்கான கரியமில வாயு உமிழ்வு உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இதுவரை காற்றில் சேர்ந்ததில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. எல்லோருக்கும் ஒரே கெடு வைப்பது நியாயமாகாது என்பது இந்தியாவின் நிலைப்பாடு.

நிறுவனங்களிடம் வந்தால் வேறுபாடு இன்னும் கூடும். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையை எடுத்துக்கொள்வோம். அதன் பாய்லரில் எரியும் விறகும் நிலக்கரியும் விடும் புகை அதன் நேரடி உமிழ்வு. கணக்காளர்கள் அதை ஸ்கோப் 1 என்பார்கள். அது வாங்கும் மின்சாரத்துக்காக அனல்மின் நிலையத்தில் எழும் புகை ஸ்கோப் 2. துணியும் சாயமும் உருவானபோது ஏற்பட்டதும், சரக்கு லாரியிலும் கப்பலிலும் போகும்போது ஏற்படுவதும் ஸ்கோப் 3. அந்தத் துணியை வாங்கி விற்கும் ஐரோப்பிய பிராண்டுக்கு, இந்தப் பட்டறையின் பாய்லர் புகையும் ஸ்கோப் 3-ல்தான் வரும். சொந்த ஆலை இல்லாத பிராண்டு, ஸ்கோப் 1, 2 மட்டும் கணக்கிட்டு நிகர பூஜ்ஜியம் என்று சொன்னால், அது தன் கடைகளையும் அலுவலகங்களையும் பற்றித்தான் பேசுகிறது. துணியைப் பற்றி அல்ல.

எண்ணெய்த் தொழிலில் இந்த இடைவெளி மிகப் பெரிது. சவுதி அராம்கோவின் 2050 இலக்கு, அது முழுமையாகச் சொந்தமாக வைத்து இயக்கும் இடங்களின் ஸ்கோப் 1, 2 உமிழ்வுகளுக்கானது. அது விற்கும் எண்ணெயை வாங்கியவர்கள் எரிக்கும்போது வரும் புகை இதில் அடங்காது. ஓர் எண்ணெய் நிறுவனத்தோடு தொடர்புடைய உமிழ்வில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் இருக்கிறது.

இதற்கு மறுகோடியில் நிற்பது, நிறுவனங்களின் இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்.பி.டி.ஐ. அமைப்பு 2021-ல் வெளியிட்ட தரநிலை. மூன்று ஸ்கோப்களிலும் சேர்த்து, பெரும்பாலான துறைகளில், 90 சதவீத அளவுக்கு உமிழ்வைக் குறைத்தாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் வெளியிடும் நிறுவனம் முதலில் 10,000 டன்னுக்கு இறங்க வேண்டும். அந்த மிச்சத்தை மட்டும் காற்றிலிருந்து எடுத்து நிலையாகச் சேமித்துச் சரிக்கட்ட வேண்டும். எங்கோ ஒரு காட்டை வெட்டாமல் தடுத்தோம் என்று விற்கப்படும் கார்பன் கிரெடிட்டை வாங்கி இதில் கழிக்க முடியாது. அது காற்றிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கூடுதலாகச் சேராமல் தடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

நீதிமன்றங்களும் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன. ஜெர்மனியின் காட்யெஸ் என்ற மிட்டாய் நிறுவனம், தன் தயாரிப்புகள் எல்லாம் ‘பருவநிலைச் சமநிலை’யோடு உற்பத்தியாவதாக விளம்பரம் செய்தது. உண்மையில் உற்பத்தியில் உமிழ்வு இருந்தது. ஈடுகட்டும் திட்டங்களுக்குப் பணம் கொடுத்திருந்தார்கள். உமிழ்வைக் குறைத்ததால் வந்த சமநிலையா, பணம் கொடுத்து ஈடுகட்டியதா என்பதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றியம் அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறது. கார்பன் கிரெடிட் வாங்கி ஈடுகட்டியதை மட்டும் வைத்து, ஒரு பொருளைப் பருவநிலைக்குப் பாதிப்பில்லாதது என்று விளம்பரப்படுத்துவதை அதன் நுகர்வோர் விதி தடை செய்கிறது. விதி நடைமுறைக்கு வரும் நாள் 2026 செப்டம்பர் 27. ஐரோப்பியக் கடைகளுக்குப் போகும் திருப்பூர் பனியனும் இதில் அடங்கும். அதன் லேபிளில் அப்படி ஒரு வரி இருக்க வேண்டுமானால், சாயப்பட்டறையின் பாய்லரில் என்ன எரிகிறது என்பதிலிருந்து கணக்கு தொடங்க வேண்டியிருக்கும்.